கலைச்சொல்: தரைக் காங்கிரீட்டில் கட்டர் வைத்துக் கீறும் கோட்டுக்கு என்ன பெயர்?

பத்மா:
வணக்கம். தள மேற்பார்வையாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். குடோன், பட்டறைகளில் மண்மேல் தரை போட்டபிறகு கட்டர் மெஷினை வைத்து நேர்கோடாகக் கீறுகிறார்களே, அந்த கண்ட்ரோல் ஜாயின்ட்டுக்குச் சொல் தேவை. வரைவில் ‘கட்டுப்பாட்டு இணைப்பு’ என்று வைத்திருந்தேன். வாசித்துக் காட்டியபோது ஒரு மேஸ்திரி, “எதை எதோடம்மா இணைக்கிறீங்க?” என்று கேட்டார். அவர் கேட்டது சரி. முழுசாக இருக்கும் தளத்தை அல்லவா வெட்டுகிறோம்?

இளங்கோ:
‘விரிவு மூட்டு’ என்று பாடநூலிலேயே இருக்கிறதே, அது போதாதா? வெயிலில் தளம் விரிய இடம் விடத்தானே இதையும் செய்கிறோம். கையேட்டில் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்: காங்கிரீட் நன்றாக இறுகியபின், மறுநாள் காலையில்தான் வெட்ட வேண்டும். பச்சையாக இருக்கும்போது பிளேடு வைத்தால் ஓரமெல்லாம் பொரிந்து ஜல்லி பெயர்ந்துவிடும்.

செல்வராஜ்:
ஓரம் பொரியும் என்று இளங்கோ சொல்வது உண்மை. ஆனால் மறுநாள் காலை வரை காத்திருந்தால் தளம் நமக்காகக் காத்திருக்காது. இது விரிவதற்கான இடைவெளியும் இல்லை. நீர் வற்றவும் சூடு தணியவும் காங்கிரீட் சுருங்கும். அடியில் இருக்கும் மண்ணும் ஜல்லியும் அதை இழுத்துப் பிடிக்கும். இளம் காங்கிரீட்டுக்கு இழுவிசையைத் தாங்கும் வலு இல்லாததால் எங்காவது வெடித்தே தீரும். அந்த வெடிப்பு கோணல்மாணலாகப் போகாமல் நாம் சொல்லும் இடத்தில், நேராக, கீறலுக்கு அடியில் விழட்டும் என்றுதான் தளத்தை முன்கூட்டியே பலவீனப்படுத்துகிறோம். அதனால் கீறல் ஆழம் தள கனத்தில் கால் பங்காவது வேண்டும். 150 மி.மீ. தளத்துக்கு ஏறக்குறைய 40 மி.மீ. பார்வைக்குக் கோடு தெரிந்தால் போதும் என்று 15 மி.மீ. கீறினால் வெடிப்பு அதை மதிக்காது.

ஒரு வேலையைச் சொல்கிறேன். ஓசூர் பக்கம் ஒரு குடோன், 150 மி.மீ. தளம். 3.75 மீட்டர் அகலத்தில் 30 மீட்டர் நீளப் பட்டை. மதியம் 2 மணிக்கு ஒரு முனையில் காங்கிரீட் கொட்ட ஆரம்பித்து, பவர் ட்ரோவல் ஓட்டி முடிக்க இரவு 8 மணி. கட்டர்காரர் மறுநாள் காலை 10 மணிக்கு வந்து 6 மீட்டருக்கு ஒன்றாக வெட்டினார். முதலில் கொட்டிய முனையில் இரண்டு விரிசல். ஒன்று கட்டத்தின் நடுவில், இன்னொன்று வெட்டுக்கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி, அதற்கு ஏறத்தாழ இணையாக.

பக்கப் பலகையைக் கழற்றியபின் பட்டையின் ஓரத்தில் குனிந்து பார்த்தேன். அந்த வெட்டுக்கு நேர்கீழே காங்கிரீட் முழுசாக இருந்தது, மயிரிழைகூட இல்லை. ஒரு சாண் தள்ளி, மேலிருந்து அடிவரை விரிசல் இறங்கியிருந்தது. அதாவது பிளேடு வருமுன்பே தளம் வெடித்துவிட்டது. கண்ணுக்குத் தெரிய மட்டும் நாளானது. மதியம் போட்ட காங்கிரீட்டுக்கு வெயில் சூடும் சிமென்ட் சூடும் சேர்ந்து ஏறி, இரவில் மொத்தமாக இறங்கும். கட்டர் அதற்குமுன் வந்திருக்க வேண்டும். சாதாரண ஈர கட்டருக்கு, பினிஷிங் முடிந்து வெயில்காலத்தில் 4 மணி நேரம், குளிர்காலத்தில் 12 மணி நேரம் வரை என்பது பொதுவான கணக்கு. முதல் முனையில் பினிஷிங் மாலையே முடிந்துவிட்டது. இரவு 10, 11 மணிக்கு அங்கே தொடங்கி, கொட்டிய வரிசையிலேயே வெட்டிப் போயிருக்க வேண்டும்.

நடுவில் வந்த விரிசலுக்கு இடைவெளியும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. இடைவெளி தள கனத்தைப்போல் 24 முதல் 36 மடங்குக்குள் இருக்க வேண்டும். இந்தத் தளத்துக்கு 3.6 முதல் 5.4 மீட்டர். 6 மீட்டர் அதைத் தாண்டிவிட்டது. கட்டமும் சதுரத்திலிருந்து விலகி நீண்டுவிட்டது. நீளம் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. 3.75க்கு 3.75 என்று சதுரமாக வெட்டுவதே அந்தப் பட்டைக்கு இயல்பு.

பெயருக்கு என் யோசனை: முன்வெட்டு. விரிசலுக்கு முன்னால் வெட்டுவது என்று பெயரே நேரத்தைச் சொல்லிவிடும்.

தவராசா:
யாழ்ப்பாணத்தில் தொழினுட்ப மாணவருக்குப் படிப்பிப்பவன் நான். முன்வெட்டு நல்ல சொல், ஆனால் எல்லாம் வெட்டி வருவதில்லையே. கொங்கிறீற்று பச்சையாய் இருக்கும்போது கரண்டியால் தவாளிப்பு இழுப்பதும் உண்டு, பிளாஸ்டிக் பட்டி செருகுவதும் உண்டு. சிறிய முற்றங்களில் அதுதான் வழமை. அவற்றையும் முன்வெட்டு என்றால் மாணவர் குழம்புவர். சுருக்க மூட்டு என்றால் காரணமும் தெரியும், விரிவு மூட்டுக்கு எதிர்ச்சொல்லாகவும் நிற்கும்.

இளங்கோ:
விரிவு மூட்டு என்று நான் சொன்னதை எடுத்துவிடுங்கள். ஆனால் இரவு 11 மணி என்று எழுதிவிட்டால், சீக்கிரம் வெட்டுகிறேன் என்று 9 மணிக்கே ஓரத்தைப் பொரித்துவைப்பார்களே. ஃபோர்க்லிஃப்ட் சக்கரம் ஏறி இறங்கும் இடத்தில் ஓரம் உடைந்தால் வருடா வருடம் அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். கடிகாரத்தை நம்பலாமா?

செல்வராஜ்:
நம்பக்கூடாது. மணிக்கணக்கு ஆளைத் தயாராக நிறுத்துவதற்கு; வெட்டத் தொடங்குவது பதம் பார்த்து. ஆணியால் கீறினால் உழாமல் மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் விழ வேண்டும். அதன்பின் ஓர் அடி நீளம் வெட்டிப் பாருங்கள். ஜல்லி பெயர்ந்து ஓரம் கடித்ததுபோல் இருந்தால் அரைமணி கழித்து மறுபடி. ஜல்லியே இரண்டாக அறுபட்டு ஓரம் சுத்தமாக நின்றால் நிறுத்தாமல் போகலாம். ஓரத்தில் சின்னப் பொரிவு இருந்தால் நான் கவலைப்படுவதில்லை, தாமதித்தால்தான் கவலை. வெட்டிக்கொண்டிருக்கும்போது பிளேடுக்கு முன்னால் விரிசல் ஓடினால் அந்தக் கோட்டை அங்கேயே விட்டுவிடுங்கள், நேரம் கடந்துவிட்டது.

பத்மா:
அப்படியானால் அந்த நேரத்துக்கு வெட்டுப்பதம் என்று எழுதட்டுமா? பதம் என்றால் முன்னும் கூடாது, பின்னும் கூடாது என்று விளக்காமலே புரியும்.

தவராசா:
மிகப் பொருத்தம். இங்கும் அப்படியே விளங்கும்.

குமரேசன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டுக் கூடத்தில் டைல்ஸ் ஒரே நேர்கோட்டில் வெடித்திருக்கிறது. கீழே பழைய தரை, அதன்மேல் இரண்டு அங்குல ஸ்கிரீட், அதன்மேல் டைல்ஸ். ஸ்கிரீட்டையும் அன்று இரவே வெட்டியிருக்க வேண்டுமா?

செல்வராஜ்:
உங்களுடையது வேறு விஷயம், குமரேசன். நேர்கோடாக வெடித்தது என்கிறீர்களே, பழைய தரையில் அதே இடத்தில் மூட்டு ஏதும் இருந்ததா? ஒட்டிப் பிடித்த ஸ்கிரீட்டுக்குத் தனியாகக் கட்டம் பிரிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அடித்தளம்தான் அதன் சுருக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அடியில் மூட்டு அசைந்தால் மேலே அப்படியே எதிரொலிக்கும். அதனால் அடி மூட்டுக்கு நேர்மேலே ஸ்கிரீட்டை முழு ஆழத்துக்கு வெட்டி, டைல்ஸ் இடைவெளியையும் அதே கோட்டில் கொண்டுவந்து நெகிழும் சீலன்ட் போட வேண்டும். தார்ப்பாய் விரித்து அதன்மேல் ஒட்டாமல் போட்ட ஸ்கிரீட் என்றால் கதை வேறு. அது தன்னிஷ்டத்துக்குச் சுருங்கி ஓரம் தூக்கும். அதற்குக் கட்டம் வேண்டும்.

குமரேசன்:
பழைய தரை இரண்டு முறையாகப் போட்டது, நடுவில் ஒரு சேர்க்கை இருந்தது. வெடிப்பு அங்கேதானா என்று அளந்து பார்க்கிறேன்.

பத்மா:
வெட்டுப்பதம் கையேட்டில் சேர்ந்துவிட்டது. மூட்டுக்கு ‘சுருக்க மூட்டு’, கட்டர் வைத்துச் செய்யும் வேலைக்கு மட்டும் ‘முன்வெட்டு’ என்று பிரிக்கலாமா என்று பார்க்கிறேன். சம்மதமா?

செல்வராஜ்:
தளத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் நிற்காது. மேஸ்திரி ஒன்றைத்தான் பிடித்துக்கொள்வார். ‘சுருக்கம்’ என்றால் எதையோ குறுக்குவதாகத்தான் அவர் காதில் விழும். எனக்கு முன்வெட்டே.

தவராசா:
எனக்குச் சுருக்க மூட்டே. பட்டி செருகிய மூட்டில் வெட்டு எங்கே இருக்கிறது?