கூலிச் சமன்பாட்டில் பெண்–கல்வி ஊடாட்டக் கெழு: விளக்கம் தேவை

வணக்கம். தில்லியில் முதுகலைப் பொருளியல் ஆய்வேட்டுக்காக, மாதச் சம்பளம் பெறுவோரிடம் திரட்டிய தரவைக் கொண்டு இந்த மாதிரியை மதிப்பிட்டிருக்கிறேன்.

```
ln(wage) = b0 + 0.070*educ - 0.60*female
         + 0.025*female*educ + b4*exper
```

ஓராண்டுக் கூடுதல் கல்வியால் ஆணின் சம்பளம் ஏறத்தாழ 7 சதவீதமும், இரு கெழுக்களையும் கூட்டினால் பெண்ணின் சம்பளம் 9.5 சதவீதமும் உயர்கின்றன. −0.60 என்பது பள்ளிக்கே செல்லாதவர்களிடையே உள்ள இடைவெளி மட்டுமே. அத்தகையோர் என் தரவில் மிகச் சிலரே என்பதால், கல்வி ஆண்டுகளிலிருந்து 12-ஐக் கழித்து மீண்டும் மதிப்பிட்டேன். ஊடாட்டக் கெழு மாறவில்லை. Female கெழு −0.30 ஆயிற்று. அதாவது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண், அதே படிப்பும் அனுபவமும் உள்ள ஆணைவிடச் சுமார் 26 சதவீதம் குறைவாகப் பெறுகிறார்.

என் ஐயம் 0.025 பற்றியது. வயதிலிருந்து கல்வி ஆண்டுகளையும் 6-ஐயும் கழித்தே அனுபவத்தைக் கணித்தேன். பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்டுத் திரும்பிய பெண்களுக்கு இது மிகையான அளவு. குறைவாகப் படித்தவர்களுக்கே இந்தக் கணக்கில் அனுபவம் கூடுதலாக வருவதால், அதன் பிழை கல்வியின் ஊடாட்டக் கெழுவில் கலந்திருக்கக்கூடும் என்று அஞ்சுகிறேன். female*exper உறுப்பையும் சேர்த்தால் போதுமா, இருபாலருக்கும் தனித்தனியே மதிப்பிடுவது மேலா?

சம்பள வேலைக்கு வராத பெண்கள் தரவிலேயே இல்லை என்பது இதைவிடப் பெரிய சிக்கல். ஹெக்மன் திருத்தத்துக்கு, வீட்டில் சிறு குழந்தை இருப்பதை வேலைக்கு வருவதை மட்டும் தீர்மானிக்கும் மாறியாகக் கொள்ள எண்ணுகிறேன். ஆனால் குழந்தை இருப்பது சம்பளத்தையும் நேரடியாகப் பாதிக்குமே. இதற்கு மாற்றாக எந்த மாறியைப் பயன்படுத்தலாம் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.