புதுப்பிப்பு: பிஎஸ்5-இல் ஹீட்சிங்க் எஸ்எஸ்டி, மூடி படியாத சிக்கல்

முன்பு கேட்டது: "ஹீட்சிங்குடன் வந்த எஸ்எஸ்டியை பிஎஸ்5 ஸ்லாட்டில் வைத்தால் உலோக மூடி படியவில்லை. மூடி இல்லாமலே ஓட்டலாமா?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடிந்துவிட்டது, மூடியும் போட்டாயிற்று.

பலித்தது "முதலில் அளந்து பார்" என்ற யோசனை. பலகைக்கு மேலே 8 மி.மீ., கீழே 2.45 மி.மீ., ஹீட்சிங்கோடு மொத்தம் 11.25 மி.மீ. வரைதான் சோனி அனுமதிக்கிறது. என்னுடையது மேலே மட்டும் 10 இருந்தது. நல்லவேளை, அது திருகால் பிடித்திருந்த வகை. கழற்றிவிட்டு, தட்டையான ஹீட்சிங்கை வெப்பப் பட்டையோடு வைத்தேன். பட்டையின் இரு பக்கமும் உள்ள மெல்லிய தாளை உரிக்க வேண்டும், இல்லாவிட்டால் எஸ்எஸ்டியின் சூடு ஹீட்சிங்குக்குப் போகாது.

அப்புறம், ஸ்பேசரை 2280 துளைக்கு மாற்றிய பிறகே எஸ்எஸ்டி சாயாமல் மட்டமாக நின்றது.

"மூடியே சூட்டை இழுக்கும், ஹீட்சிங்க் எதற்கு" என்றவர் பாதி சரி: மூடி வேண்டும்தான், ஆனால் ஹீட்சிங்குக்கு அது மாற்று இல்லை. யுஎஸ்பி டிரைவ் பற்றிக் கேட்டவருக்கு: அதில் பிஎஸ்5 விளையாட்டுகளைச் சேமிக்கலாம், அங்கிருந்தே ஆட முடியாது.

எதிர்பாராதது, இயக்கியதும் முகப்புத் திரைக்கு முன்பே ஃபார்மட் கேட்டது. அதை முடிக்காமல் உள்ளே விடவில்லை. வேகச் சோதனையில் நொடிக்கு 6,200 மெகாபைட்டுக்கு மேல் காட்டியது.

நீண்ட நேரம் ஆடும்போது எஸ்எஸ்டி எவ்வளவு சூடாகிறது என்று கன்சோல் காட்டுவதில்லை. அளக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.