கடைசியாகத் திருத்திய ஓரெழுத்து

வெள்ளவத்தைக் கணக்காளர்

லிங்க்ட்இன் பக்கத்தில் பல சிறு திருத்தங்களைச் செய்யும்போது, மாற்றங்களை நம் தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிக்கும் Notify network என்ற ஆளியை அணைத்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விடயமன்று. அன்றும் அணைத்துவிட்டுத்தான் தொடங்கினேன். அப்படியிருந்தும் நடந்தது நடந்துவிட்டது. மூன்று வாரங்கள் கடந்தும் மனம் ஆறாததால் எழுதுகிறேன்.

போயா விடுமுறை நாளொன்றில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கைத்தொலைபேசியில் உட்கார்ந்தேன். தலைப்பு வரியை மாற்றினேன், திறன்களின் பட்டியலில் பழையவற்றை நீக்கினேன், முன்னைய இரு வேலைகளின் விவரிப்புகளைச் சுருக்கினேன், இப்போதைய வேலையின் விவரிப்பில் இரண்டு வரிகள் சேர்த்தேன். பதினான்கு திருத்தங்கள் இருக்கலாம். ஒருவருக்கும் ஒரு செய்தியும் போகவில்லை. எல்லாம் முடிந்தது என்று எண்ணி, பகுதிநேரமாகப் படித்து முடித்த முதுகலைப் பட்டத்தைச் சேர்க்கும்போது ஆளியை இயக்கினேன். அது நாலு பேருக்குத் தெரியட்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பிறகு பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தபோது, இப்போதைய பதவியின் பெயரில் Acountant என்று ஒரு c குறைவாக இருப்பது கண்ணிற் பட்டது. நான்கு ஆண்டுகளாக அப்படியே இருந்திருக்கிறது! உடனே அந்தப் படிவத்தைத் திறந்து, ஓரெழுத்தைச் சேர்த்து, Save அழுத்திவிட்டேன். ஆளி படிவத்தின் உச்சியில் இருக்கிறது. பதவிப் பெயரைத் தொட்டதும் விசைப்பலகை எழும்பிப் படிவம் மேலே நகர்ந்துவிடுவதால் அதை நான் பார்க்கவேயில்லை.

மறுநாட் காலை மின்தூக்கியில் ஏறினேன். உள்ளே எங்கள் முகாமையாளரும், பதவி உயர்வுக்கான நேர்முகத்தில் என்னோடு பங்குபற்றிய சக ஊழியர் ஒருவரும் நின்றார்கள். முடிவு அப்போது வெளிவந்திருக்கவில்லை. அவர் என் கையைப் பிடித்து, "வாழ்த்துகள் அக்கா, நேற்றே பார்த்தேன், புதிய பதவி என்று வந்திருந்தது" என்றார். முகாமையாளர் மாடி இலக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் மாடி வரை ஒருவரும் பேசவில்லை. அது எழுத்துப்பிழைத் திருத்தந்தான் என்று மதியம் நான் விளக்கியபோது, அவர் நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? பட்டத்தை அறிவித்த பிறகு மறுபடியும் அணைத்திருக்க வேண்டுமா, அல்லது பட்டத்தையே வேறொரு நாளில் சேர்த்திருக்க வேண்டுமா?

தெமட்டகொடைத் தம்பி

அக்கா, இயக்கியதுதான் பிழை. நான் மூன்று ஆண்டுகளாக அதை அணைத்தே வைத்திருக்கிறேன். அணைத்துவிட்டால் நாம் எதை மாற்றினாலும் ஒருவருக்கும் தெரியவராது. நான் சென்ற ஆண்டு வேலை தேடிய காலத்தில் தலைப்பு வரியிலிருந்து திறன்கள் வரை எல்லாவற்றையும் மாற்றினேன். ஓர் ஈ காக்கைக்கும் தெரியாது. எங்கள் பிரிவுத் தலைவர் மட்டும் ஒருநாள் தேநீர் வேளையில், "புதுத் தலைப்பு நன்றாயிருக்கிறது" என்று சிரித்தார். அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

மனிதவளப் பிரிவில் பதினைந்து ஆண்டு

தம்பி, அவருக்கு யாரும் சொல்லியிருக்கத் தேவையில்லை. அவர் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பார், அவ்வளவுதான். அந்த ஆளி செய்தி அனுப்புவதை நிறுத்துகிறதே தவிர, மாற்றத்தை மறைப்பதில்லை. அணைத்திருந்தாலும் நீங்கள் Save அழுத்திய கணத்திலிருந்து பக்கத்துக்கு வருகிற எவரும் புதிய வாசகத்தைத்தான் பார்ப்பார்கள். வேலை தேடும் ஊழியர்கள் பலர் இந்த இடத்தில்தான் தவறாக நினைக்கிறார்கள். நானே என் மேசையிலிருந்து பலரை அப்படிக் கண்டிருக்கிறேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

கணக்காளர் அக்காவின் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் செய்த பதினான்கு திருத்தங்களில் பெரும்பாலானவை, ஆளி இயங்கியிருந்தாலும் யாரையும் எழுப்பியிருக்க மாட்டா. தலைப்பு வரி, திறன்கள், பழைய வேலையின் விவரிப்பு ஆகியவற்றைத் தொட்டதற்காக ஒருவருக்கும் வாழ்த்து வந்ததை நான் கண்டதில்லை. ஆபத்து இப்போதைய வேலையின் பதிவில் இருக்கிறது. அதிலும் பதவியின் பெயர், நிறுவனத்தின் பெயர், தொடங்கிய மாதம் ஆகிய மூன்று பெட்டிகளில் இருக்கிறது. நீங்கள் ஓரெழுத்துத்தான் சேர்த்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தளத்துக்குத் தெரிவது, பதவிப் பெயர் நேற்று ஒன்றாக இருந்தது, இன்று வேறொன்றாக இருக்கிறது என்பது மட்டுமே. ஆகவே தீங்கில்லாத பதினான்குக்கும் நீங்கள் காவல் வைத்தீர்கள், தீங்கான ஒன்றுக்கு வாசலைத் திறந்துவிட்டீர்கள்.

என்னுடைய அனுபவம் இதற்கு நேர்மாறானது. நான் நிறுவனம் மாறியபோது, எல்லாவற்றையும் அணைத்த நிலையில் நேர்த்தியாகச் செய்து முடித்துவிட்டு, கடைசியில் ஆளியை இயக்கி, இனிச் செய்தி போகும் என்று காத்திருந்தேன். இரண்டு நாட்களாக ஒரு வாழ்த்தும் வரவில்லை. அணைத்திருந்தபோது சேமித்ததை அது பின்னோக்கிப் போய் அறிவிப்பதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அறிவிக்க விரும்பும் பதிவைச் சேமிக்கும் அந்த நேரத்தில் ஆளி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மருதானை வாசகர்

நானும் இதனால் மிகவும் அவமானப்பட்டிருக்கிறேன். என்னை நேர்முகத்துக்கு அழைத்திருந்த மேலாளரின் பக்கத்தை ஒரே இரவில் ஐந்து முறை பார்த்தேன். மறுநாள் அவர், "என்னைப் பற்றி நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது" என்றார். இந்த ஆளியை அணைத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காதா?

மனிதவளப் பிரிவில் பதினைந்து ஆண்டு

இல்லை, அது வேறு. பிறர் பக்கத்தை நீங்கள் பார்த்ததைக் காட்டுவது Profile viewing options என்ற தெரிவு. இந்த ஆளிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கிருலப்பனை வடிவமைப்பாளர்

மனிதவள அக்கா சொன்ன மூன்று பெட்டிகளில் மாதத்தைப் பற்றி நான் சாட்சி சொல்வேன். நான் சொந்தமாகத் தொழில் செய்கிறேன். தொடங்கிய மாதத்தை மார்ச் என்று பிழையாக இட்டிருந்தேன். ஜூன் மாதத்தில் ஒருநாள் அதை ஜூன் என்று திருத்தினேன். அந்த வாரமே, "பணியில் ஆறாம் ஆண்டு நிறைவுக்கு வாழ்த்துகள்" என்று செய்திகள் வரத் தொடங்கின. மார்ச்சிலும் அதே ஆட்கள் அதே ஆறாம் ஆண்டுக்கு வாழ்த்தியிருந்தார்கள். வாடிக்கையாளர் ஒருவர், "உங்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை ஆண்டு நிறைவா?" என்று கேட்டார். விலைப்பட்டியல் அனுப்பவேண்டிய அன்று அந்தக் கேள்வி.

ஆனால் தெமட்டகொடைத் தம்பி சொல்வதுபோல நிரந்தரமாக அணைத்து வைப்பதை நான் ஏற்கமாட்டேன். எனக்கு வரும் வேலைகளில் ஒரு பங்கு இந்த வாழ்த்துகளுக்குப் பதில் எழுதும்போதுதான் வருகிறது. பல மாதங்கள் பேசாத ஒருவர் "வாழ்த்துகள்" என்று ஒரு சொல் எழுதுவார். நான் நன்றி எழுதுவேன். அவர் உடனே ஒரு சின்னம் வரைய வேண்டும் என்பார். அந்த ஆளி ஆண்டு நிறைவையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது என்பதால், அணைத்தால் அதுவும் போய்விடும். வங்கியிலோ அரச திணைக்களத்திலோ இருப்பவர்களுக்கு மௌனம் வசதியாக இருக்கலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அது கடையின் கதவை மூடிவைப்பதற்குச் சமம்.

கேட்காத ஆலோசனை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திருத்தங்களை முதலில் ஒரு தாளிலோ கணினிக் கோப்பிலோ முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழை அங்கேயே அகப்படும். பிறகு இரண்டு பகுதியாகப் பிரியுங்கள்: பெயர், நிறுவனம், மாதம் ஆகியவற்றைத் தொடுபவை ஒரு பக்கம், மற்றவையெல்லாம் இன்னொரு பக்கம். மற்றவற்றை எந்த நாளிலும் செய்யலாம். முதற் பகுதியை மட்டும் கணினியில் உட்கார்ந்து செய்யுங்கள், தொலைபேசியில் வேண்டாம். திரை பெரிதாக இருந்தால் படிவத்தின் உச்சி கண்ணிலிருந்து மறையாது. ஒவ்வொரு படிவத்தைத் திறக்கும்போதும், எதையும் தட்டச்சு செய்வதற்கு முன், ஆளியைப் பாருங்கள். என் தங்கைக்கு இதைச் சொன்னேன், அவள் கேட்கவில்லை, அவளுடைய கதை தனிக் கதை.

தெமட்டகொடைத் தம்பி

அண்ணா, ஒவ்வொரு படிவத்திலும் எதற்காகப் பார்க்க வேண்டும்? Settings பகுதிக்குள் Visibility என்பதில் Share profile updates with your network என்று ஒன்று இருக்கிறது. அதை ஒருமுறை அணைத்தால் போதும், படிவத்தில் உள்ளதும் தானாகவே அணைந்திருக்கும். பக்கத்துக்கு வருபவர்கள் பார்ப்பார்கள் என்பதை ஏற்றுக்கொள்கிறேன், அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கிருலப்பனை வடிவமைப்பாளர்

அணைந்துதான் இருக்கும். ஆனால் கணக்காளர் அக்கா செய்ததுபோல ஒரு படிவத்தில் இயக்கினால் அடுத்த படிவத்திலும் இயங்கியே நிற்கும் என்பதுதானே இங்கே கதை. என் தொலைபேசியில் அப்படித்தான் நடந்தது. மனைவியின் தொலைபேசியில் அது ஒவ்வொரு முறையும் அணைந்த நிலையில்தான் திறக்கிறது. எது விதி என்று என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் பார்க்கச் சொல்கிறேன்.

மனிதவளப் பிரிவில் பதினைந்து ஆண்டு

இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். அந்த ஆளியின் அருகிலேயே, செய்தி போவதற்கு இரண்டு மணி நேரம் வரை ஆகலாம் என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. இதனால் இரு பக்கமும் குழப்பம் வருகிறது. ஒருவர் இயக்கிச் சேமித்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் ஒன்றும் வரவில்லையென்று மறுபடி அதே பதிவைத் திருத்துகிறார். இன்னொருவர் தவறுதலாகச் சேமித்துவிட்டு, அரை மணி நேரம் எவரும் வாழ்த்தாததால் தப்பிவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறார். அக்கா, உங்கள் கேள்விக்கு என் பதில்: பட்டத்தை அதே நாளில் சேர்த்ததில் பிழையில்லை, ஆனால் அதுவே அன்றைய கடைசிச் சேமிப்பாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தை மேலிருந்து கீழாக வாசிப்பதை அதற்கு முன்னர் செய்திருக்கலாம்.

தவறுதலாகச் சேமித்த உடனே ஆளியை அணைத்தால் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் செய்தி நின்றுவிடுமா என்று எங்கள் அலுவலகத்திலும் கேட்டிருக்கிறார்கள். நின்றது என்று ஒருவர் சொன்னார், நிற்கவில்லை என்று இருவர் சொன்னார்கள். அதை நம்பி ஒன்றும் செய்யாதீர்கள்.

வெள்ளவத்தைக் கணக்காளர்

எல்லோருக்கும் நன்றி. மனிதவள அக்கா சொன்ன இரண்டாவது ஆள் நான்தான். அன்று மாலை ஒரு மணி நேரம் அமைதியாக இருந்ததால், பட்டத்தைப் பற்றியே செய்தி போகவில்லை என்று வருந்திக்கொண்டு படுத்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்கார்ந்தேன், இம்முறை என் சொந்த அக்காவின் மடிக்கணினியில். நிறுவனத்தின் பெயர் வெறும் எழுத்தாக இருந்ததை அதன் உண்மையான பக்கத்தோடு இணைக்க வேண்டியிருந்தது. அதாவது மூன்று பெட்டிகளில் இரண்டாவது. படிவத்தைத் திறந்தவுடன் ஆளியைப் பார்த்தேன். அது இயங்கிக்கொண்டுதான் இருந்தது, மூன்று வாரங்களாக. அணைத்தேன், இணைத்தேன், சேமித்தேன், இரண்டு மணி நேரத்துக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலை வரை எந்த வாழ்த்தும் வரவில்லை.

பதவி உயர்வின் முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. அந்தச் சக ஊழியருக்குத்தான் கிடைத்தது. அவர் தன் பக்கத்தில் பதவிப் பெயரை இன்னும் மாற்றவில்லை. மாற்றும்போது ஆளியை இயக்குவாரா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.