தெளிவை அளந்ததற்கு ஒரு சொல் வேண்டும்

வெள்ளவத்தை, மாலை வகுப்பு ஆசிரியை:
வணக்கம். தொழில்நுட்ப எழுத்தாளர் வேலைக்கான மாதிரிச் சுயவிபரக்கோவை ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் கொடுக்க வேண்டும். பயனர் கையேடு, வெளியீட்டுக் குறிப்பு, மார்க்டவுண், கிட், வங்கிச் செயலி வரைக்கும் வந்துவிட்டேன். எழுதியது எவ்வளவு தெளிவு என்று அளந்து காட்டும் வரியில் நிற்கிறேன். ‘தெளிவளவை’ சரியா?

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பிள்ளை, அளவை என்றால் பிரமாணம். மணிமேகலையில் அளவைவாதி வருவது அந்தப் பொருளில்தான். நன்னூல் பத்து அழகில் ‘விளங்க வைத்தல்’ இருக்கிறது, பத்துக் குற்றத்தில் ‘மயங்க வைத்தல்’ இருக்கிறது. ஆகவே ‘விளங்குமை’.

பம்பலப்பிட்டி, மாணவர்:
சுயவிபரக்கோவையா, தன்விவரக்குறிப்பா? தமிழ்நாட்டு நிறுவனங்களுக்கு எது விளங்கும்?

தெஹிவளை, ஆவண எழுத்தாளர்:
தம்பி, அது வேறு கேள்வி. அக்கா, முதலில் எதை அளந்தீர்கள்? ஃபிளெஷ் மதிப்பெண் என்றால் அது 1948இல் ஆங்கிலத்துக்கு வந்த சூத்திரம். வாக்கிய நீளத்தையும் சொல்லின் அசைகளையும் மட்டும்தான் எண்ணும். பெரும்பாலும் 0 முதல் 100க்குள் வரும், கூடினால் எளிது. இதைத் தமிழில் போட்டுப் பாருங்கள்:

“கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள்.”

சொல் 2, அசை 10.

```
206.835 - 1.015*(2/1) - 84.6*(10/2) = -218.195
```

சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் வரிக்குக் கழித்தல் 218! நம் சொற்கள் ஒட்டி ஒட்டி நீளுகின்றன, சூத்திரம் அதைக் கடினம் என்று எண்ணிவிடுகிறது.

கொட்டாஞ்சேனை:
அசையை யாப்பின்படி பிரிக்க வேண்டும். ‘கட’ நிரையசை, ஒன்றுதான். மொத்தம் 9.

தெஹிவளை:
9 என்றாலும் கழித்தல் 176 வருகிறது, ஐயா.

வத்தளை, மென்பொருள் நிறுவனத்தில் எழுதுபவர்:
நான் என் கோவையில் ‘உதவி அழைப்புகள் குறைந்தன’ என்று போட்டிருந்தேன். நேர்முகத்தில் ஒரு கேள்வியில் விழுந்தது. அதே மாதம் பணம் அனுப்பும் திரையையே மாற்றியிருந்தார்கள். குறைந்தது நான் எழுதிய உதவிப் பக்கத்தாலா, திரையாலா? சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு, செயலியை முன்பு தொடாத 5 பேரிடம் பக்கத்தைக் கொடுத்து, வாய் திறக்காமல் அருகில் இருந்தேன். 2 பேர் முடித்தார்கள். மற்ற மூவரும் 4ஆம் படியிலேயே நின்றார்கள். ஒரே வரியில் இரண்டு வேலை சொல்லியிருந்தேன். பிரித்து எழுதி வேறு 5 பேருக்குக் கொடுத்தேன், 4 பேர் முடித்தார்கள். இப்போது கோவையில் அந்த எண்ணிக்கையை அப்படியே எழுதுகிறேன். 5 பேருக்குச் சதவீதம் போடுவது சரியில்லை.

வெள்ளவத்தை:
அப்படியென்றால் இரண்டு சொல் தேவை. சூத்திர மதிப்பெண்ணுக்கு ‘வாசிப்பெளிமை’, ஆட்களை வைத்துப் பார்த்ததற்கு ‘பணிநிறைவு’. தமிழ்ப் பக்கங்களுக்கு முதலாவதைப் போடவே வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

பம்பலப்பிட்டி:
எனக்குச் சம்மதம்.

தெஹிவளை:
எனக்கும். நாளை காலை வேலை, படுக்கப் போகிறேன்.

கொட்டாஞ்சேனை:
பணிநிறைவு என்றால் ஓய்வுபெறுதல் என்று படிப்பார்கள், பிள்ளை. தொழில் தேடுகிறவன் கோவையில் அது நிற்கக் கூடாது. ‘விளங்குமை’யை நான் விடமாட்டேன்.