ஹால்ட், சர்க்யூட்: ஒரு சொல்லா, இரண்டா?

கதிர்: பங்குச்சந்தை நிரலுக்குத் தமிழில் கையேடு எழுதுகிறேன். ஹால்ட், சர்க்யூட் இரண்டுக்குமே 'வணிக முடக்கம்' என்று போட்டுவிட்டேன். இடிக்கிறதா?

மீனா: 'சுற்று முறிப்பான்' என்று போடாமல் விட்டீர்களே, அதுவே நிம்மதி. அது மின்வாரியச் சொல். முடக்கம் போதும். இரண்டிலும் வியாபாரம் நின்றுதானே போகிறது?

செல்வம்: சர்க்யூட்டில் நிற்காது, மீனா. நேற்று 200 ரூபாயில் முடிந்த பங்கு, வரம்பு 5 சதவீதம் என்றால் இன்று 190-க்குக் கீழே போகாது. 190-ல் விற்பவர் வரிசை கட்டி நிற்பார், வாங்க ஆள் இருக்காது. ஆனால் சந்தை திறந்தேதான் இருக்கிறது. ஒருவர் வாங்க வந்தால் வரிசையில் முதலில் நிற்பவருடையது விற்கும். நிரல் பத்து நொடிக்கொரு தரம் ஆர்டரை ரத்து செய்து மறுபடி போட்டால், ஒவ்வொரு முறையும் வரிசையின் வாலுக்குப் போகும். போட்டதை விட்டுவைக்க வேண்டும்.

ஹால்ட் வேறு. 13 மார்ச் 2020 காலை, சந்தை திறந்த சில நிமிடங்களில் நிஃப்டி 10 சதவீதம் விழுந்து, மொத்தச் சந்தையும் 45 நிமிடம் நின்றது. பிறகும் நேரே தொடங்கவில்லை. ஆர்டர்களைத் திரட்டித் தொடக்க விலையைக் குறிக்கும் முன்திறப்பு ஏலம் நடந்தது. அன்று நிஃப்டி ஏற்றத்தில் முடிந்தது! திறந்ததும் மார்க்கெட் ஆர்டரில் விற்றுத்தள்ளிய நிரல்களை நினைத்துப் பாருங்கள். இங்கே நிரல் எதையும் அனுப்பக் கூடாது. ஏலம் முடிந்து, நிலுவை ஆர்டர்களைப் புதிதாகக் கேட்டு வாங்கிய பிறகே அசைய வேண்டும்.

ஆகவே ஹால்ட்டுக்குச் 'சந்தை நிறுத்தம்', சர்க்யூட்டுக்கு 'விலைமுட்டு'. மேல்முட்டு, கீழ்முட்டு என்று பிரிக்கவும் வரும்.

கதிர்: முட்டு பிடித்திருக்கிறது. கடைசி விலை 190 என்றாலே கீழ்முட்டு என்று எழுதிவிடலாமா?

செல்வம்: 190-ஐத் தொட்டுவிட்டு மேலே ஏறும் பங்கும் உண்டு. வாங்கும் பக்கம் காலியா என்று சேர்த்துப் பாருங்கள். q என்பது அந்தப் பங்குக்குத் தரகரிடமிருந்து வரும் விலைத் தகவல்:

```python
bids = sum(d["quantity"] for d in q["depth"]["buy"])
locked = (q["last_price"] <= q["lower_circuit_limit"]
          and bids == 0)
```

விலை வரவே இல்லை என்பதை மட்டும் வைத்து நிறுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் இணைப்பு அறுந்தாலும் அப்படித்தான் இருக்கும். வேறு பத்துப் பங்குகளுக்கு விலை வருகிறதா என்று பாருங்கள்.

ராஜு: ஐயா, என் பங்கு மூன்று வாரமா கீழ் சர்க்யூட். எப்போ திறக்கும்?

செல்வம்: அது மூடவே இல்லை, தம்பி. காலையில் சந்தை திறக்கும்போதே விற்பனை ஆர்டர் போட்டு வையுங்கள்.

மீனா: என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எஃப் அண்ட் ஓ எனும் முன்பேர வணிகம் நடக்கும் பங்குகளுக்கு நிலையான வரம்பு இல்லையே, விலை நெருங்கினால் அதையே தளர்த்துகிறார்களே? தள்ளினால் நகரும் சுவரை முட்டு என்பதா?

கதிர்: இப்போதைக்கு 'நகர்முட்டு' என்று குறித்து வைக்கிறேன். எனக்கே திருப்தியில்லை.