41 நாளா மேல நின்ன ஒரு புள்ளி. ஏஜிங் சார்ட்டால உங்களுக்கும் இப்படி ஆயிருக்கா?

பட்டறை_கிராணி

ரெண்டு வாரம் ஆச்சு, இன்னும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, அதான் கொட்டிடுறேன். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து டிராக்டர், கிராபர், ஜெனரேட்டர் எல்லாம் ரிப்பேர் பண்ற பட்டறை எங்களது. போர்டுல வேலைக்கு ஒரு கார்டு, அது நகர்றதுக்கு பக்கத்துல பக்கத்துல அஞ்சு காலம், செக் பண்றது, விலைக்கு ஓகே வாங்கறது, சாமான் வரணும், வேலை நடக்குது, ஓட்டிப் பாக்கறது. தினம் காலைல எட்டு மணிக்கு எல்லாரும் போர்டு முன்னால நிப்போம், ஒவ்வொருத்தரும் ரெண்டு வார்த்தை சொல்லிட்டு கலைஞ்சிடுவோம்.

முடியாம கிடக்கற வேலை எத்தனை நாள் பழசுன்னு காட்டற இந்த ஏஜிங் சார்ட்டை எக்செல்ல சும்மா போட்டுப் பாத்தேன், கீழ அஞ்சு காலம், பக்கத்துல நாள் கணக்கு, முடியாத 11 வேலைக்கு 11 புள்ளி. ஏற்கனவே முடிஞ்ச 60 வேலைய வச்சு ரெண்டு கோடு இழுத்தேன், பாதி வேலை 6 நாள்ல முடிஞ்சிருக்கு, நூத்துக்கு 85 வேலை 14 நாளுக்குள்ள முடிஞ்சிருக்கு. பத்து புள்ளி கீழ கும்பலா கிடக்கு, ஒண்ணு மட்டும் தன்னந்தனியா உச்சில. தேதிய தப்பா அடிச்சிட்டேன்னு நெனச்சேன். பிரிண்ட் எடுத்துட்டு போய் தவுக்கே மேசைல வச்சா அவரு விரலால தேய்ச்சுப் பாக்குறாரு, "இது என்னம்மா, டீ கறையா?"ன்னு.

டீ கறை இல்ல, மினி டிராக்டர் ஒண்ணோட ஸ்டீரிங் சிலிண்டர், ஆயில் கசிவு. மார்ச் 3 உள்ள வந்தது, அன்னிக்கு ஏப்ரல் 12. 41 நாள்! மெக்கானிக் அண்ணன் தினம் காலைல "சாமான் வரணும்"னு சொல்லுவாரு, நாங்களும் தலையாட்டிட்டு அடுத்த கார்டுக்கு போயிடுவோம். அன்னிக்கு ஸ்டோர்ல போய் தேடினா சீல் செட்டு மார்ச் 21லயே வந்திருக்கு, அதே மாடல் வேற டிராக்டரோட நம்பர் எழுதி ரேக்ல கவுத்து வச்சிருக்கு. ஸ்டோர் அண்ணன் தன்னோட நோட்டுல "வந்தாச்சு"ன்னு எழுதியிருக்காரு, மெக்கானிக் யாராவது வந்து சொல்லுவாங்கன்னு காத்திருந்தாரு. மாட்டறதுக்கு ஆனது ஒன்றரை மணி நேரம்.

எனக்கு உறுத்துறது வேற ஒண்ணு. மாசா மாசம் தவுக்கேக்கு சராசரி நாள் கணக்கு போட்டுக் கொடுக்கறது நான்தான், மார்ச் மாசக் கணக்கு அழகா 8 நாள்னு காட்டுச்சு. முடிஞ்ச வேலைய மட்டும்தானே எண்ணுறோம், முடியாம கிடந்தது கணக்குலயே வரல. நானே அதைப் பாத்து திருப்தியா இருந்திருக்கேன்.

மழைல_கரண்ட்_போகும்

பாஹாவ்ல வீட்ல உக்காந்து கேஎல் கம்பெனிக்கு சாப்ட்வேர் வேலை பாக்குறேன், எங்க கதை கொஞ்சம் அசிங்கமானது. சார்ட்டு வச்சு மூணு வாரத்துல பாத்தேன், ஒரு டிக்கெட் வெள்ளிக்கிழமை 17 நாள்ல நிக்குது, திங்கக்கிழமை காலைல புள்ளியே இல்ல. முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சு சந்தோஷமா ஆளுக்கு மெசேஜ் பண்ணினா பதிலே வரல. ஹிஸ்டரிய தொறந்தா வெள்ளி சாயங்காலம் 5:50க்கு திரும்ப "தொடங்கல" காலத்துக்கு இழுத்துப் போட்டிருக்காரு, செவ்வாய்க்கிழமை மறுபடி எடுக்கறதுக்கு. அப்போ வயசு 1லேர்ந்து ஆரம்பிக்கும்ல. அதே டிக்கெட்டு அதுக்கு முன்னால ரெண்டு தடவை இதே மாதிரி போயிட்டு வந்திருக்கு. அவரு மேல கோவப்பட்டு என்ன பண்றது, சிவப்பு கோட்டுக்கு மேல புள்ளி போனா மீட்டிங்ல எல்லாரும் அவரைத்தான் பாப்பாங்க. அப்புறம் நாங்க மொத தடவை தொடங்கின தேதி மாறவே மாறாதுன்னு வச்சிட்டோம், பின்னால இழுத்தாலும் வயசு ஓடிக்கிட்டே இருக்கும்.

கிராணி, ஒண்ணு சொல்றேன், 14 நாள் கோடு வரைக்கும் காத்திருக்காதீங்க. புதுசா உள்ள வர்ற வேலைல நூத்துக்கு 15 தான் 14 நாள் தாண்டும், சரியா? ஆனா ஒரு வேலை 6 நாள் தாண்டிடுச்சுன்னா முடிஞ்சு போன பாதி கணக்குலேர்ந்து விலகிடுச்சு, மிச்சம் 50, அந்த 15ம் இந்த 50க்குள்ளதான் இருக்கு. அப்போ அது லேட்டாகிற வாய்ப்பு 30 சதவீதம், ரெண்டு மடங்கு. 7வது நாள் காலைலயே பேச வேண்டிய வேலை அது. 15வது நாள் பேசினா சமாதானம்தான் சொல்ல முடியும்.

லோரி_செல்வா

இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய சார்ட்டு லா. எங்க டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல கார்டை யாரும் 5 நாளா தொடலைன்னா மஞ்சள், 10 நாள்னா சிவப்பு, அவ்ளோதான், நாலு வருஷமா ஓடுது. போன வருஷம் ஒரு லோரி புஸ்பாகொம் இன்ஸ்பெக்ஷனுக்கு போகாமலே கிடந்ததை இப்படித்தான் புடிச்சோம். அதுவும் இல்லாம மொத்த வயசு பாத்து என்ன பிரயோஜனம், ஒவ்வொரு காலத்துலயும் எத்தனை நாள் நிக்குதுன்னுதான் பாக்கணும், அப்பத்தான் எங்க அடைப்புன்னு தெரியும். முதல்ல காலத்துக்கு பேரு சரியா வைங்க, "சாமான் வரணும்"ங்கறது பேரே இல்ல, யாரு ஆர்டர் போட்டாங்க, எந்த தேதி, எந்த சப்ளையர்னு கார்டுலயே எழுதணும், ஸ்டோர்ல ஒரு வெள்ளைப் பலகை மாட்டுங்க, சாமான் வந்தா மணி அடிக்கச் சொல்லுங்க, எங்க பழைய மேனேஜர் உண்மையிலேயே மணி வச்சிருந்தாரு, அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை ரேக்கை எல்லாம் எறக்கி எண்ணணும், சனிக்கிழமை பண்ணா நல்லது, ஆளுங்களுக்கு நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தா முணுமுணுக்காம செய்வாங்க.

பட்டறை_கிராணி

செல்வா அண்ணே, உங்க மஞ்சள் சிவப்பு எங்க கார்டுல வேலை செஞ்சிருக்காது. அந்த சிலிண்டர் கார்டை கடைசியா தொட்டது ஏப்ரல் 10. யாரோ "சாமான் இன்னும் வரல"ன்னு எழுதியிருக்காங்க. 41 நாள்ல ஆறு தடவை இப்படி எழுதி வச்சிருக்கு. தொட்டுக்கிட்டேதான் இருந்தோம், நகரத்தான் இல்ல.

மழைல_கரண்ட்_போகும்

+1. காலத்துக்கு காலம் எண்ணுறதுலயும் அதே ஓட்டை இருக்கு அண்ணே. டெஸ்ட்ல ஃபெயிலாகி திரும்ப வேலைக்கு, மறுபடி டெஸ்ட்டுக்குன்னு பிங்பாங் ஆடுற வேலை எந்த காலத்துலயும் மூணு நாளுக்கு மேல நிக்காது, மொத்தம் பாத்தா ஒரு மாசம் ஓடியிருக்கும். ஆனா நீங்க சொல்றதுல பாதி நியாயம். 10 நாள் வயசு புள்ளி ஒண்ணு "ஓட்டிப் பாக்கறது"ல இருந்தா நாளைக்கு போயிடும், அதே 10 நாள் "செக் பண்றது"லயே இருந்தா வயித்துல புளி கரையும். அதனாலதான் சார்ட்டுல கீழ காலமும் பக்கத்துல மொத்த வயசும் ரெண்டும் இருக்கு. இந்த மாதிரி போர்டு வச்சு வேலைய நகத்தற முறைக்கு கான்பான்னு பேரு, அதுக்கு 2020ல வந்த கான்பான் கைடுல அளக்கச் சொல்ற நாலு விஷயத்துல வயசும் ஒண்ணு, முடியாம கையில இருக்கற வேலைக்கு மட்டும்தான் அது.

மளிகை_மணியம்

நல்ல டாபிக். எங்க கடைலயும் ஏஜிங் லிஸ்ட் இருக்கு, 30 நாள், 60 நாள், 90 நாள்னு. 90ல நிக்கற ஒருத்தரு தினம் சாயங்காலம் கடை வாசல்ல உக்காந்து தே தாரிக் குடிச்சிக்கிட்டு என் மகன் படிப்பை விசாரிப்பாரு. 380 ரிங்கிட். கேக்கவும் முடியல, விடவும் முடியல. இதுக்கு சார்ட்டு போட்டா பணம் வருமா?

லோரி_செல்வா

அண்ணே அது கடன் பாக்கி, இங்க பேசறது வேற

மளிகை_மணியம்

வேறன்னு தெரியுது தம்பி, ஆனா ரெண்டுலயும் நாளாக நாளாக யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்கல்ல.

மில்_தங்கச்சி

ஒரு சந்தேகம். நான் செம்பனை மில்லுல மெயிண்டனன்ஸ் ஆபீஸ். வயசு எங்கேர்ந்து எண்ணணும்? எங்க சூப்பர்வைசர் ஃபிட்டர் ஸ்பேனர் எடுத்த நாள்லேர்ந்துன்னு சொல்றாரு. அப்போ அதுக்கு முன்னால ஒப்புதலுக்காக டிரேல கிடக்கற நாள் எல்லாம் கணக்குல இல்ல. போன மாசம் ஒரு கன்வேயர் பேரிங் வேலை சார்ட்டுல 2 நாள்னு பச்சையா இருந்துச்சு, ரிக்வெஸ்ட் ஃபார்ம்ல தேதி பாத்தா 26 நாளு பழசு. நான் சொன்னா "அது நம்ம லேட் இல்லம்மா"ங்கறாரு.

மழைல_கரண்ட்_போகும்

கணக்குல அவரு தப்பில்ல, தொடக்கம் எங்கன்னு நீங்களே முடிவு பண்ணலாம். ஆனா கோடு இழுக்கறதுக்கு எடுத்த பழைய வேலைகளுக்கும் அதே தொடக்கத்தை வைக்கணும், இல்லன்னா புள்ளியும் கோடும் ஒண்ணோட ஒண்ணு பேசாது. என்னைக் கேட்டா, செய்றோம்னு ஒத்துக்கிட்ட நாள்லேர்ந்து எண்ணுவேன். டிரேல கிடக்கறதை ஒத்துக்கிட்டதா எடுக்கறதா இல்லயாங்கறதுதான் உங்க சண்டை, அதை இங்கேர்ந்து தீக்க முடியாது.

பட்டறை_கிராணி

எனக்கும் இதுல குழப்பம்தான். நான் கேட்டுக்குள்ள வண்டி வந்த நாளை வச்சிருக்கேன். தவுக்கே சொல்றாரு, விலைக்கு ஓகே சொல்ல தோட்ட ஆபீஸ் பத்து நாள் எடுத்தா அது நம்ம தலைல ஏன்னு. நான் மாத்தல. வண்டி நிக்கறது நம்ம ஷெட்லதானே, இடத்தை அடைக்குதுல்ல.

சார்ட்டு கேட்டு ரெண்டு பேரு தனியா மெசேஜ் போட்டிருந்தாங்க. B காலத்துல வந்த தேதி, C காலத்துல முடிஞ்ச தேதி, முடிஞ்ச வேலைக்கு நாள் கணக்கு F ல:

```
=IF(C2="",TODAY()-B2+1,"")
=IF(C2="","",C2-B2+1)
=PERCENTILE.INC(F2:F61,0.85)
```

மொத வரி வயசு, ரெண்டாவதை F ல போடுங்க, மூணாவது கோடு. வந்த நாளையும் ஒரு நாளா எண்ணுறதுக்குத்தான் +1. அப்புறம் முழு இன்ஜின் எறக்கற வேலைய நான் தனி ஷீட்டுக்கு மாத்திட்டேன். அது எப்பவுமே மூணு வாரம் போகும், ஒண்ணா போட்டா கோடு மேல ஏறி சின்ன வேலைங்க எல்லாம் நல்ல பிள்ளை மாதிரி தெரியுது.

லோரி_செல்வா

தனி ஷீட்டு போட்டா அந்த ஷீட்டை யாரு பாக்கறது? அங்கயும் ஒண்ணு தூங்கும். நான் பிரிக்க மாட்டேன்.

பட்டறை_கிராணி

பிரிக்கலைன்னா கோடே பொய் சொல்லுது அண்ணே. பாக்கலாம், ஒரு மாசம் கழிச்சு வந்து சொல்றேன்.

இன்னிக்கு காலைல ஒரு புள்ளி 9 நாள், விலைக்கு ஓகே வாங்கற காலத்துல. தோட்ட ஆபீஸுக்கு போன் போட்டா பெரிய கிராணி லீவுல இருக்காராம், நாங்க அனுப்பின விலை பேப்பர் அவரு மேசைல இருக்காம், அறை பூட்டியிருக்காம். மத்தியானம் இன்னொரு காப்பி எடுத்துக்கிட்டு நானே மோட்டார்ல போகப் போறேன்.