சோதனையில் ஜெயித்த தலைப்பு, மீதிப் பேருக்கு அனுப்பியதும் ஏன் படுத்துவிட்டது?

மலர்விழி, ஏற்காடு

வணக்கம். நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. காப்பியும், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகும் எங்கள் வலைக்கடையில் விற்கிறோம். இதுவரை வாங்கியவர்களில் மின்னஞ்சல் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தவர்கள் 1,200 பேர். புது மிளகு வந்ததும் அவர்களுக்கு அஞ்சல் அனுப்பினேன். எந்தத் தலைப்பு எடுபடுகிறது என்று பார்க்க இரண்டு எழுதினேன்.

அ: இந்த வருட மிளகு காய்ந்து வந்துவிட்டது
ஆ: ஏற்காடு மிளகு, அரைக் கிலோ 480 ரூபாய்

உள்ளே இருக்கும் படம், எழுத்து, பட்டன் எல்லாம் ஒன்றுதான். நான் வைத்திருப்பது இலவசத் திட்டம், அதில் ஏ/பி டெஸ்ட் வசதி கிடையாது. அதனால் ஷீட்டில் முதல் 200 பேரை ஒரு பட்டியலாகவும் அடுத்த 200 பேரை இன்னொரு பட்டியலாகவும் ஏற்றி, செவ்வாய் காலை 10 மணிக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் போகும்படி வைத்தேன். மறுநாள் பார்த்தால் அ-வை 84 பேர் திறந்திருக்கிறார்கள், அதாவது 42 சதவீதம். ஆ-வை 62 பேர், 31 சதவீதம். சரி, அ ஜெயித்தது என்று புதன் இரவு 8 மணிக்கு மீதி 800 பேருக்கும் அ-வையே அனுப்பினேன். அதைத் திறந்தவர்கள் 208 பேர்தான், 26 சதவீதம். தோற்ற தலைப்பு வாங்கியதைவிடக் குறைவு! தலைப்பும் அதே, அஞ்சலும் அதே. எங்கே இடிக்கிறது?

இளங்கோ, சூரமங்கலம்

இருநூறு பேரை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாதுங்க. சாம்பிள் சிறியது, அவ்வளவுதான் விஷயம். ஒரு தலைப்புக்கு ஐந்தாயிரம் பேராவது இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்கவே கூடாது. போதாததற்குச் சோதனை காலையில் போயிருக்கிறது, மீதி இரவில் போயிருக்கிறது. இரவு எட்டு மணிக்கு யார் அஞ்சல் பார்க்கிறார்கள்?

தனசேகர், செவ்வாய்ப்பேட்டை

எனக்கும் இதே பிரச்சினைதான். கொலுசுக் கடை வைத்திருக்கிறேன். ஆடி ஆஃபர் அஞ்சல் போட்டால் பாதிப் பேருக்கு ஸ்பேமில் விழுகிறது. தலைப்பில் "ஆஃபர்" என்ற சொல் இருப்பதால்தான் என்கிறார்கள். தலைப்பை மாற்றினால் சரியாகுமா?

ஃபாத்திமா, அஸ்தம்பட்டி

தனசேகர் அண்ணா, உங்களுடையது வேறு கதை, கடைசியில் சொல்கிறேன்.

மலர்விழி, ஒரு கேள்வி. அந்த ஷீட் எந்த வரிசையில் இருந்தது? பெயர் வரிசையா, தேதி வரிசையா? மூன்று அனுப்புதலிலும் திரும்பி வந்த அஞ்சல்கள் எத்தனை என்று ரிப்போர்ட்டில் பார்த்துச் சொல்லுங்கள்.

மலர்விழி, ஏற்காடு

கடையிலிருந்து இறக்கியபடியே இருந்தது. கடைசியாக ஆர்டர் போட்டவர் மேலே வருவார். திரும்பி வந்தவை: அ பட்டியலில் 1, ஆ பட்டியலில் 3, மீதி எண்ணூற்றில் 58.

ஃபாத்திமா, அஸ்தம்பட்டி

அந்த 1, 3, 58 போதும். போன மாதம் மிளகு வாங்கியவர் உங்கள் பெயரைப் பார்த்தாலே திறப்பார். நான்கு வருடம் முன்பு டூர் வந்தபோது ஒரு பாக்கெட் வாங்கியவருக்கு நீங்கள் யார் என்றே நினைவிருக்காது, அவர் கொடுத்த முகவரியும் செத்துப் போயிருக்கலாம். உங்கள் ஷீட்டில் மேலிருந்து கீழே வர வர உறவு ஆறிக்கொண்டே வருகிறது. அதில் சூடான 200 பேருக்கு அ, அடுத்த சூட்டில் இருந்தவர்களுக்கு ஆ, ஆறிப்போனவர்களுக்கு மறுபடி அ. 42, 31, 26 என்று வரிசையாக இறங்குவதைப் பாருங்கள். தலைப்பு மாறினாலும் மாறாவிட்டாலும் இறக்கம் நிற்கவில்லை. நீங்கள் அளந்தது வாடிக்கையாளர்களை, தலைப்பை அல்ல.

இளங்கோ சார் சொல்வதிலும் பாதி சரி. 200 பேர் குறைவுதான். ஆனால் 200 பேரில் 42 சதவீதம் என்றால் அதிர்ஷ்டத்தால் ஏழு புள்ளி மேலேயோ கீழேயோ ஆடும், 35 வரை இறங்கினால் வியப்பில்லை. 800 பேரில் வந்த 26 அதைவிட ரொம்பக் குறைவாகவே ஆடும். இரண்டும் எங்கேயும் சந்திக்காது. அதனால் சாம்பிள் அளவை மட்டும் குறை சொல்ல முடியாது. இதே வரிசையில் பத்தாயிரம் பேரை வைத்துப் பிரித்திருந்தாலும் இதே தப்பான பதில்தான், இன்னும் உறுதியாக வந்திருக்கும். இரவு நேரம் கொஞ்சம் இழுத்திருக்கலாம், எவ்வளவு என்பதை இந்த எண்களை வைத்துப் பிரிக்க வழியில்லை.

அடுத்த முறைக்கு இப்படிச் செய்யுங்கள். ஷீட்டில் கடைசி நெடுவரிசையில் எல்லா வரிக்கும் இதைப் போடுங்கள்:

```
=RAND()
```

இது ஒவ்வொரு வரிக்கும் ஒரு குருட்டு எண் தரும். ஷீட்டில் வேறு எங்கே கை வைத்தாலும் இந்த எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். எனவே அந்த நெடுவரிசையை நகலெடுத்து, அதே இடத்தில் `Paste special` போய் `Values only` கொடுத்து உறைய வையுங்கள். அப்புறம் அந்த எண்ணை வைத்து வரிசைப்படுத்தி, மேல்பாதி அ, கீழ்பாதி ஆ. அனுப்பும் முன் இரண்டு பாதியிலும் கடந்த ஆறு மாதத்தில் வாங்கியவர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய சமமாக இருந்தால் கலக்கல் சரி.

உங்கள் அளவுக்கு "200, 200, மீதி ஜெயித்தவருக்கு" என்ற முறை வேண்டாம். பட்டியல் முழுவதையும் பாதிக்குப் பாதி பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பிவிடுங்கள். கிடைக்கும் பாடம் அடுத்த அஞ்சலுக்கு உதவும்.

இன்னொன்று. ஷீட்டைத் திரும்ப ஏற்றும்போது, அஞ்சல் வேண்டாம் என்று விலகியவர்கள் மறுபடி உள்ளே வந்துவிடக் கூடாது. கடையிலிருந்து இறக்கிய ஷீட்டுக்கு அது தெரியாது, அஞ்சல் சேவையில்தான் பதிவாகியிருக்கும். அங்கிருந்து விலகியவர்கள் பட்டியலை எடுத்து முதலில் கழித்துவிடுங்கள்.

கவின், ஏற்காடு அடிவாரம்

திறந்தவர்கள் எண்ணிக்கையையே நம்பக் கூடாது. 2021-இல் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து ஆப்பிள் மெயிலில் அஞ்சல் தனியுரிமைப் பாதுகாப்பை ஒப்புக்கொண்டவர்களுக்கு, அஞ்சலுக்குள் இருக்கும் கண்காணிப்புப் படத்தை ஆப்பிளே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. ஆள் தொடவே இல்லை, ரிப்போர்ட்டில் "திறந்தார்" என்று வரும். ஐபோன்காரர்கள் அ பக்கம் அதிகம் போயிருந்தால் அ-தான் ஜெயிக்கும்.

ஃபாத்திமா, அஸ்தம்பட்டி

உண்மைதான். ஆனால் நன்றாகக் கலக்கிவிட்டால் ஐபோன்காரர்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் விழுவார்கள். அப்போது ஒரு பக்கம் மட்டும் ஜெயிக்காது. இரண்டு எண்ணிக்கையிலும் ஒரே அளவு வெற்றுத் திறப்பு சேர்ந்து, நிஜ வித்தியாசம் சின்னதாகத் தெரியும். அதனால் திறப்பைப் பாருங்கள், முடிவைக் கிளிக்கை வைத்து எடுங்கள். எந்தத் தலைப்பிலிருந்து கடைக்கு வந்தார்கள் என்று தெரிய, பட்டன் இணைப்பின் கடைசியில் இதை ஒட்டுங்கள். ஆ-வுக்கு `sub_b` என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

```
?utm_source=newsletter&utm_medium=email&utm_campaign=coffee&utm_content=sub_a
```

மலர்விழி, ஏற்காடு

செய்து பார்த்துவிட்டு வருகிறேன். அடுத்து காப்பித் தூள் அஞ்சல் போக வேண்டியிருக்கிறது. அங்கேயும் அதே போட்டி: ஒன்று "புதுக் கொட்டை வறுத்து அரைத்தாயிற்று", இன்னொன்று "ஏற்காடு காப்பித் தூள், கால் கிலோ 220 ரூபாய்".

மலர்விழி, ஏற்காடு

போய்விட்டது, எண்கள் இதோ. திரும்பி வந்த 62 பேரையும் விலகிய 8 பேரையும் கழித்து 1,130 பேர், பாதிக்கு 565. சமீபத்தில் வாங்கியவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம்தான். அ திறந்தவர்கள் 168, ஆ திறந்தவர்கள் 174. கிளிக் அ-வில் 22, ஆ-வில் 35. ஆர்டர் 7, 8. அப்படியானால் விலை போட்ட தலைப்புதானே நல்லது?

இளங்கோ, சூரமங்கலம்

இருபத்திரண்டுக்கு முப்பத்தைந்து என்றால் ஒன்றரை மடங்குக்கு மேல். இனி விலை போட்டே அனுப்புங்கள்.

ஃபாத்திமா, அஸ்தம்பட்டி

போன தடவை சாம்பிள் போதாது என்றவர் இப்போது அவசரப்படுகிறாரே!

இரண்டு பாதியும் சமமாக இருந்து, கிளிக் மாதிரி சிறிய எண்ணாகவும் இருந்தால் ஒரு கைக்கணக்கு உண்டு. இரண்டையும் கூட்டுங்கள்: 57. அதன் வர்க்கமூலம் ஏழரை. இரட்டிப்பாக்கினால் 15. வித்தியாசம் அந்த 15-ஐத் தாண்டினால்தான் நான் தலைப்பைப் பற்றிப் பேசத் தொடங்குவேன். உங்களுடையது 13. ஆ பக்கம் சாய்கிறது, ஆனால் தலைப்பே மாறாமல் அனுப்பினாலும் எப்போதாவது இவ்வளவு வித்தியாசம் வரத்தான் செய்யும். திறப்பு 168-க்கு 174 என்பது ஒன்றுமே இல்லை. ஏழும் எட்டும் ஆன ஆர்டரைப் பார்க்கவே வேண்டாம்.

இதே போட்டியை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்கி, அடுத்த அஞ்சல்களிலும் ஓட்டிக் கிளிக்குகளைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் எத்தனை அஞ்சல் என்பதை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள், மூன்று என்றால் மூன்று. "கூட்டிய கிளிக்குகளுக்கான எல்லை தாண்டிவிட்டதா" என்று ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்து, தாண்டிய இடத்தில் நிறுத்தினால் எந்தத் தலைப்பையும் ஒருநாள் ஜெயிக்க வைத்துவிடலாம்.

கவின், ஏற்காடு அடிவாரம்

எனக்கு ஒரு சந்தேகம். விலை தெரிந்து திறந்தவர் ஏற்கெனவே வாங்கும் எண்ணத்தில் இருப்பார், அதனால் கிளிக் கூடுகிறது என்று சொல்லலாம். ஆனால் அஞ்சலுக்குள் பட்டனிலேயே விலை இருக்கிறதே? அ-வைத் திறந்தவரும் அதைப் பார்த்துத்தானே கிளிக் செய்திருப்பார்?

ஃபாத்திமா, அஸ்தம்பட்டி

நியாயமான கேள்வி. பட்டன் எவ்வளவு கீழே இருக்கிறது, மொபைலில் முதல் திரையில் தெரிகிறதா என்று மலர்விழிதான் சொல்ல வேண்டும்.

தனசேகர் அண்ணா, அனுப்புநர் முகவரியில் என்ன போட்டிருக்கிறீர்கள்? ஜிமெயில் முகவரியை வைத்துக்கொண்டு வேறு சேவை வழியாக மொத்தமாக அனுப்பினால், அது ஜிமெயிலிலிருந்து வந்ததாகச் சரிபார்ப்பு ஒத்துவராது. "ஆஃபர்" என்ற சொல்லைவிட அதுதான் பெரிய காரணமாக இருக்கும். கடைக்கு டொமைன் இருந்தால் அதில் முகவரி வைத்து, உங்கள் அஞ்சல் சேவை தரும் SPF, DKIM வரிகளை டொமைனில் சேருங்கள். DMARC-உம் ஒன்று போடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் இந்த விஷயத்தில் கெடுபிடி. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு ஐந்தாயிரத்துக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றுமே கட்டாயம், ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும்.

தனசேகர், செவ்வாய்ப்பேட்டை

ஜிமெயில்தான் போட்டிருக்கிறேன் அம்மா. டொமைன் வாங்கிக் கொடுத்த பையன் பாஸ்வேர்டைக் கொடுக்காமலே பெங்களூரு போய்விட்டான். அவனைப் பிடிக்கிறேன்.

மலர்விழி, ஏற்காடு

பட்டன் படத்துக்குக் கீழே இருக்கிறது, என் போனில் ஒரு முறை தள்ளினால்தான் தெரிகிறது. அதை மேலே கொண்டுவந்தால் மூன்று அஞ்சல் கணக்கு கெட்டுவிடுமா? இல்லை, இரண்டு பாதிக்கும் சேர்த்தே மாற்றினால் பரவாயில்லையா?